ஆப்பிள் தோலில் வெள்ளையாகப் படர்ந்தது என்ன?

கேள்வி: "மேடம், வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய சிவப்பு ஆப்பிள் மேல் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினேன். தோல் முழுக்க வெள்ளையாகப் படர்ந்துவிட்டது. பயந்துபோய் வினிகரும் ஆப்ப சோடாவும் கலந்து ஊறவைத்தேன். பொங்கியதே தவிர, அது போகவில்லை. இது மெழுகுவர்த்தி மெழுகா? எதற்காகத் தடவுகிறார்கள்? என் நான்கு வயது மகள் இத்தனை நாளும் தோலோடுதான் தின்றிருக்கிறாள். தள்ளுவண்டியில் வாங்கும் வெள்ளரிக்காயும் கொஞ்ச நாளாக எண்ணெய் தடவிய மாதிரி கையில் வழுக்குகிறது. இரண்டையும் எப்படிச் சுத்தம் செய்வது?"
– ஒரு வாசகி, மதுரை

பதில்:

மகளைப் பற்றிய பயத்தை முதலில் இறக்கி வைத்துவிடுங்கள். நீங்கள் பார்த்த வெள்ளைப் படலம் மெழுகுவர்த்தி மெழுகு இல்லை. அதற்கான ஆதாரம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மெழுகுவர்த்தி செய்யும் பாரஃபின் 60 டிகிரி வாக்கில் உருகிவிடும். கொதிநீர் பட்டால் அது தோலில் வெள்ளையாக உட்கார்ந்திருக்காது. எண்ணெய்ப் பொட்டுகளாக உருகித் தண்ணீரில் மிதக்கும், தண்ணீர் ஆறியதும் மேலே சின்னச் சின்ன தகடுகளாக உறையும். உங்கள் ஆப்பிளில் படலம் உருகவில்லை, வழியவில்லை, இருந்த இடத்திலேயே வெளுத்தது. அப்படி வெளுப்பது பெரும்பாலும் அரக்கு.

ஆமாம், பழைய அரக்குதான். தபால் பைக்கு முத்திரை வைத்த அரக்கு, பாண்டவர்களுக்குக் கட்டிய மாளிகையின் அரக்கு. புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் ஒரு சின்னஞ்சிறு பூச்சி சுரந்து மூடிக்கொள்ளும் பிசின் அது. நம் நாட்டில் ஜார்க்கண்ட் பக்கம் அதிகம் கிடைக்கிறது. அதைச் சுத்தம் செய்து எடுப்பதைத்தான் ஷெல்லாக் என்கிறார்கள். மாத்திரைகளின் மேல் பளபளப்புக்கு, மிட்டாய்க்கு, சாக்லேட் உருண்டைக்கு எல்லாம் இதைப் பூசுவது உண்டு. உங்கள் மகள் ஆப்பிளைத் தொடுவதற்கு முன்பே மிட்டாய் வழியாக இதைச் சாப்பிட்டிருக்க வாய்ப்பு அதிகம். பூச்சியிலிருந்து வருவதால் சுத்த சைவம் பார்க்கிறவர்கள் தவிர்க்க நினைப்பார்கள், அது வேறு விஷயம். பூசும் அளவோ, ஒரு பழத்துக்கு இரண்டு மூன்று துளி திரவம். அதிலும் பெரும்பகுதி தண்ணீர்தான், உலர்ந்த பிறகு சில மில்லிகிராம்தான் தோலில் நிற்கும்.

அது ஏன் வெளுக்கிறது? உலர்ந்த அரக்குப் படலம் கண்ணாடி மாதிரி இருக்கும். வெளிச்சம் நேராக உள்ளே போய்த் தோலின் சிவப்பைக் காட்டும். ஈரமும் சூடும் சேர்ந்து தாக்கும்போது படலம் தண்ணீரை உறிஞ்சிக் கலங்கிவிடும். அப்போது வெளிச்சம் சிதறி நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். நன்றாக வார்னிஷ் அடித்த மேஜையில் சூடான காப்பி டம்ளரை வைத்து எடுத்தால் ஒரு வெள்ளை வளையம் நிற்குமே, கிட்டத்தட்ட அதுதான் இது. வீடியோக்காரர் காட்டிய மாயமும் இவ்வளவுதான். பூச்சு இருக்கிறது என்று அந்தச் சோதனை நிரூபிக்கும், விஷம் என்று நிரூபிக்காது.

இதே வெள்ளை ஒருமுறை எங்களுக்குப் பெரிய சண்டையை இழுத்துவிட்டது. நான் ஒரு பேக்கிங் கூடத்தில் தரக்கட்டுப்பாடு பார்த்துக்கொண்டிருந்த காலம். குளிர்பதன லாரியில் போன சரக்கு, புழுக்கமான ஒரு காலை நேரத்தில் சந்தையில் இறங்கியது. குளிர்ந்த பழத்தின் மேல் காற்றின் ஈரம் முத்து முத்தாகப் பூத்தது. அரை மணி நேரத்தில் பழமெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிட்டது. மொத்த வியாபாரி "பூஞ்சை பிடிச்ச சரக்கு" என்று லாரியையே திருப்பி அனுப்பப் பார்த்தார். பூஞ்சையும் இல்லை, மண்ணும் இல்லை. பெட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சூட்டுக்குப் பழக்காமல் சட்டென்று திறந்ததால் வந்த வினை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த ஆப்பிள் உங்கள் வீட்டில் திட்டுத் திட்டாக வெளுத்தாலும் காரணம் இதேதான்.

சரி, எதற்காகப் பூசுகிறார்கள்? இதைச் சொல்வதற்கு முன் நீங்கள் ஒரு காரியம் செய்து பாருங்கள். மண்டிப் பக்கம் மரப்பெட்டியிலோ அட்டைப்பெட்டியிலோ வைக்கோல், காகிதத்துக்கு நடுவில் வரும் காஷ்மீர் ஆப்பிளோ சிம்லா ஆப்பிளோ ஒன்று வாங்குங்கள். ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை புதுசாகக் கிடைக்கும். பார்க்க மங்கலாக, மேலே மெல்லிய வெண்பொடி போர்த்தியதுபோல் இருக்கும். அதைச் சேலைத் தலைப்பில் பத்து தேய்ப்புத் தேய்த்துப் பாருங்கள். கண்ணாடியாக மின்னும். யாரும் எதுவும் தடவவில்லை. அந்தப் பொடியே மெழுகு, ஆப்பிள் தனக்குத் தானே சுரந்து போட்டுக்கொண்ட மெழுகு. தேய்த்ததும் பொடி சமமாகப் படிந்து பளபளக்கிறது. தெருவில் பழக்காரர் துணியால் துடைத்துத் துடைத்து அடுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே பெரும்பாலும் நடப்பது இதுதான். பளபளக்கிறது என்பதற்காக மட்டும் அவரைச் சந்தேகிக்க வேண்டாம்.

அந்த மெழுகு ஆப்பிளுக்கு மழைக்கோட்டு மாதிரி. வெளி ஈரம் உள்ளே போகாமலும், உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகிப் போகாமலும் அது பிடித்து வைக்கிறது. வெளிநாட்டு ஆப்பிள் வரும் பெரிய பேக்கிங் கூடங்களில் என்ன நடக்கிறது என்றால், பழத்தை முதலில் தண்ணீர்த் தொட்டியில் கொட்டுவார்கள். அப்புறம் சுழலும் பிரஷ்களுக்கு நடுவில் சோப்புக் கரைசல் விட்டுக் கழுவுவார்கள். மண், மருந்துத் தூசி, பறவை எச்சம் எல்லாம் போகும். கூடவே அந்த மழைக்கோட்டில் ஒரு பங்கும் போய்விடும். மேலே பூசுவதற்கு முதல் காரணம் இதுதான். எடுத்ததைத் திருப்பிப் போடுகிறார்கள். கழுவிய பழத்தை உலர்த்தி, பூச்சுத் திரவத்தைத் தெளித்து, மென்மையான முடிப் பிரஷ்களின் மேல் உருட்டி, சூடான காற்று வீசும் ஒரு சுரங்கம் வழியாக அனுப்பினால் வேலை முடிந்தது.

அப்படிப் பூசாமல் விட்டால் வியாபாரிக்கு என்ன நஷ்டம்? ஆப்பிள் தன் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு வாக்கில் தண்ணீரை இழந்தாலே தோல் சுருங்க ஆரம்பிக்கும். 20 கிலோ பெட்டியில் அது ஒரு கிலோ. அந்த ஒரு கிலோவுக்கும் காசு போகும், மீதி 19 கிலோவும் கிழட்டுத் தோலோடு கடையில் கிடக்கும். கப்பலில் வாரக்கணக்கில் வந்து, கிடங்கில் கிடந்து, நம் ஊர் 35 டிகிரி வெயிலில் அடுக்கில் உட்கார வேண்டிய பழத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் தண்ணீரைக் காப்பது மட்டும் நோக்கமாக இருந்தால் எல்லோரும் கர்னாபா மெழுகோடு நிறுத்திக்கொள்ளலாம். பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை மரத்தின் ஓலையிலிருந்து எடுப்பது அது. ஈரத்தைப் பிடித்து வைப்பதில் அது கெட்டி, பளபளப்பில் சுமார். அரக்கு இதற்கு நேர்மாறு. பளபளப்பில் அதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை, ஈரத்தைக் காப்பதில் சுமார். அப்படியிருந்தும் அடர்சிவப்பு ஆப்பிளுக்கு அரக்கை விரும்பிப் பூசுகிறார்கள் என்றால் காரணம் நாம்தான். பக்கத்து பக்கத்தில் மங்கலான பழமும் மின்னுகிற பழமும் இருந்தால் நம் கை எதை நோக்கிப் போகிறது? எனக்குத் தெரிந்து பலர் ஒரு கையில் "மெழுகு பூசாத பழம் வேணும்" என்ற கோரிக்கையையும் மறு கையில் இருப்பதிலேயே பளபளப்பான பழத்தையும் வைத்துக்கொண்டு பில் போடும் வரிசையில் நிற்கிறார்கள். இரண்டையும் கலந்தும் பூசுகிறார்கள், அதனால் கடையில் இருக்கும் பழத்தைப் பார்த்து இது இன்னது என்று சொல்ல முடியாது.

அரக்குக்கு இன்னொரு குணம் உண்டு. காற்றையும் அது தடுக்கும். பறித்த ஆப்பிளும் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. மெல்லிய பூச்சு அந்த மூச்சைக் கொஞ்சம் மெதுவாக்கினால் பழம் கூடுதல் நாள் தாங்கும். கனத்துவிட்டால் மூச்சு முட்டும். எங்கள் கூடத்தில் ஒரு நாள் தெளிப்பான் கோளாறாகி ஒரே சரக்குக்கு இரண்டு முறை பூச்சு ஏறிவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. குளிரில் இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. வெளியே எடுத்து மூன்றாம் நாள் வெட்டிப் பார்த்தால் சதை நிறம் மாறாமல் அழகாக இருக்கிறது, ஆனால் கள்ளு வாடை அடிக்கிறது. காற்று போதாமல் உள்ளே சர்க்கரை புளித்துச் சாராயமாகத் தொடங்கிவிட்டது. வெளியே கண்ணாடி மாதிரி மின்னுகிற ஆப்பிளை வெட்டியதும் அந்த வாடை வந்தால், அழுகல் எதுவும் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், பூச்சு அதிகம் என்று சந்தேகப்படலாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன், வெள்ளரிக்காய்க்கு வரும்போது தேவைப்படும். புதுப் பழங்களின் மேல் தேன்மெழுகு, கர்னாபா மெழுகு, ஷெல்லாக் ஆகியவற்றைத் தேவையான அளவுக்கு மேல் போகாமல் பூசலாம், பூசியிருப்பதை லேபிளில் சொல்ல வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. மினரல் ஆயிலும் சாயமும் காய் கனிகளின் மேல் இருக்கக் கூடாது. லேபிள் பெட்டியில் இருக்கும், நமக்கு வருவது தனிப் பழம், அதனால் நாம் பார்ப்பதே இல்லை. பழத்தில் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரில் உள்ள நாலு இலக்க எண் என்ன ரகம், என்ன அளவு என்றுதான் சொல்லும். மெழுகைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

இனி கழுவும் விஷயம். நீங்கள் வினிகரையும் சோடாவையும் சேர்த்தே போட்டிருக்கிறீர்கள். வினிகர் அமிலம், ஆப்ப சோடா காரம். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டு, பொங்கிய நுரை அடங்கியதும் பாத்திரத்தில் மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர் மாதிரி ஒன்றுதான். நுரை வந்தால் ஏதோ வேலை நடக்கிறது என்று நமக்குத் தோன்றும், உண்மையில் இருவரும் சண்டை போட்டு ஓய்ந்துபோகிற சத்தம் அது. வினிகரைத் தனியாகப் போட்டாலும் மெழுகு கரையாது. அரக்கும் அமிலத்தில் கரையாது. எலுமிச்சைச் சாறுக்கும் புளித் தண்ணீருக்கும் அதே கதை.

அரக்கு காரத்துக்கு மசியும். பூச்சுத் திரவத்தையே அம்மோனியா மாதிரி ஒரு காரத்தில் கரைத்துத்தான் தயாரிக்கிறார்கள். காரம் ஆவியாகிப் போனதும் படலம் இறுகுகிறது. போன காரத்தைத் திருப்பிக் கொடுத்தால் படலம் இளகும். ஆகவே சோடாவை வினிகர் இல்லாமல் தனியாகப் பயன்படுத்துங்கள்.

ஒரு டம்ளர் கொதிக்கிற தண்ணீரையும் அதே டம்ளரால் மூன்று டம்ளர் குழாய்த் தண்ணீரையும் கலந்தால் கை பொறுக்கும் சூடு வரும், 45 டிகிரி வாக்கில். கால் லிட்டர் டம்ளர் என்றால் மொத்தம் ஒரு லிட்டர். அதில் மட்டமாக இரண்டு தேக்கரண்டி ஆப்ப சோடா, சுமார் 10 கிராம், போட்டுக் கலக்கி விடுங்கள். நாலு ஆப்பிள் மூழ்கும். மிதக்கத்தான் செய்யும், அதனால் மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து அமுக்கி வையுங்கள். பன்னிரண்டிலிருந்து பதினைந்து நிமிடம் போதும். எடுத்தவுடன், ஈரம் காய்வதற்குள், சொரசொரப்பான பருத்தித் துண்டாலோ நன்றாக ஊறிய பீர்க்கங்காய் நாராலோ சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும். வேலையில் பாதி இந்தத் தேய்ப்புதான், சோடா இளக்கித் தருகிறது, துணிதான் எடுக்கிறது. காம்புக் குழியையும் அடியில் இருக்கும் குழியையும் விட்டுவிடாதீர்கள். பிரஷ்ஷில் உருளும்போது பூச்சு அங்கேதான் தேங்கும், அழுக்கும் அங்கேதான் ஒட்டியிருக்கும். பழைய, நன்றாகக் கழுவிய பல்துலக்கி ஒன்றை இதற்கென்று தனியாக வைத்துக்கொண்டால் வசதி. கடைசியில் குழாய்த் தண்ணீர் ஓடவிட்டு அரை நிமிடம் அலசினால் சோடாவின் வழவழப்பும் போய்விடும்.

முடிந்ததா என்று எப்படித் தெரியும்? கழுவாத பழத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் தாமரை இலைத் தண்ணீர் மாதிரி திரண்டு உருளும். கழுவிய பழத்தில் அது தட்டையாகப் பரவி ஒட்டும், தோலும் பளபளப்பு இழந்து மங்கிப்போயிருக்கும். கொஞ்சம் திரண்டு நின்றால் கவலை வேண்டாம், ஆப்பிளின் சொந்த மெழுகில் மீதியும் அங்கே இருக்கிறது. துண்டில் விரல் வழுக்குகிற மாதிரி மாவுபோன்ற கறை படிந்திருந்தால் பூச்சு வந்திருக்கிறது என்று பொருள்.

கர்னாபா கலந்திருந்தால் அது சோடாவுக்கும் மசியாது. அதை உருக்க 82 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அவ்வளவு சூட்டில் ஆப்பிளை வைத்திருந்தால் தோலுக்கடியில் வெந்துவிடும். கொதிநீரில் ஐந்தாறு விநாடி முக்கி எடுத்துத் துணியால் அழுத்தித் துடைத்தால் ஓரளவு வரும். அதுவும் உடனே வெட்டிச் சாப்பிடுகிற பழத்துக்குத்தான். தேய்த்ததற்குப் பிறகும் ஒட்டியிருக்கும் மெழுகு உடம்பில் சேராது, செரிக்காமல் வந்த வழியே போய்விடும். அதையும் சாப்பிட வேண்டாம் என்று தோன்றினால் தோலைச் சீவுவது ஒன்றே முழு வழி.

அப்படியானால் இவ்வளவு பாடுபட்டு எதற்குக் கழுவ வேண்டும்? என்னைக் கேட்டால் மெழுகுக்காக இல்லை, மெழுகுக்கு அடியிலும் நடுவிலும் சிக்கியிருக்கும் மருந்துக்காக. கிடங்கில் பூஞ்சை வராமல் இருக்க ஆப்பிளைத் தையாபெண்டசோல் போன்ற மருந்தில் நனைப்பது உண்டு. 2017-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் காலா ரக ஆப்பிள்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். நான் மேலே சொன்ன அதே அளவு, அதாவது லிட்டருக்கு 10 கிராம் சோடா. பன்னிரண்டு நிமிடத்தில் தோலின் மேல் இருந்த தையாபெண்டசோல் முழுதும் போய்விட்டது. வெறும் தண்ணீரையும் குளோரின் தண்ணீரையும்விட அது நன்றாக வேலை செய்தது. ஆனால் போட்ட மருந்தில் ஐந்தில் ஒரு பங்கு ஏற்கெனவே தோலுக்குள் இறங்கியிருந்தது, அதை எந்தக் கழுவலும் எட்டவில்லை. அதனால் வெளிநாட்டு ஆப்பிளை மகளுக்கு அடிக்கடி கொடுப்பதாக இருந்தால், கழுவிய பிறகு தோலையும் சீவிக் கொடுத்துவிடலாம் என்பது என் கருத்து. தோலில் இருக்கும் நார்ச்சத்தை இழக்கிறோம்தான். சீசனில் வரும் நம் நாட்டு ஆப்பிளைத் தோலோடு கொடுத்து ஈடுகட்டிக்கொள்ளுங்கள், அதையும் கழுவித்தான்.

பாத்திரம் துலக்கும் சோப்பையோ லிக்விடையோ தயவுசெய்து தொடாதீர்கள். பேக்கிங் கூடத்தில் சோப்பு போடுகிறார்களே என்றால், அது பழத்துக்கென்று அனுமதித்த கரைசல், அலசுவதற்கு வரிசையாகத் தண்ணீர்க் குழாய்கள் இருக்கின்றன. வீட்டில் அந்தக் குழிகளில் தங்கும் சோப்பு முழுதாக வெளியேறாது. இன்னொன்று, வெயிலில் வாங்கி வந்த சூடான ஆப்பிளை ஐஸ் தண்ணீரில் போடாதீர்கள். பழம் குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, அடிக்குழி வழியாக வெளித் தண்ணீரை அழுக்கோடு உள்ளே இழுத்துக்கொள்ளும். கழுவும் தண்ணீர் எப்போதும் பழத்தைவிடக் கொஞ்சம் சூடாக இருக்க வேண்டும்.

கத்தியால் சுரண்டிப் பார்க்கும் சோதனையை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். சுரண்டினால் வெள்ளைத் துருவலாக வருகிறதா என்று பார்ப்பது. பூச்சு இருக்கிறதா என்பதற்கு அது சரி. ஆனால் கிடங்கில் நாள்பட்ட காலா, கிரானி ஸ்மித் போன்ற ரகங்கள் தாமாகவே தோலில் எண்ணெய்ப் பசை விடும். சுரண்டினால் அதுவும் வரும். அரக்கா என்று தெரிந்துகொள்ள எனக்குப் பிடித்த வழி வேறு. மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து, தோலின் ஓரிடத்தில் ஒரு நிமிடம் அழுத்தி வையுங்கள். அரக்கு சாராயத்தில் கரையும். எடுத்த இடத்தில் விரல் வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டும், காய்ந்ததும் அங்கே மட்டும் மங்கலாகத் தெரியும். கர்னாபாவும் ஆப்பிளின் சொந்த மெழுகும் சாதாரண அறைச் சூட்டில் ஸ்பிரிட்டுக்கு அவ்வளவாக அசையாது. சோதித்த பகுதியை வெட்டி எறிந்துவிடுங்கள். சுரண்டும்போது மெழுகுவர்த்தியைச் செதுக்கியது மாதிரி கனமான சுருள் வந்து, கொதிநீரில் அது உருகி மிதந்தால் மட்டும் உங்கள் பயம் நியாயம். அந்தப் பழத்தில் இரண்டு மூன்றைத் தொடாமல் எடுத்து வைத்து, பில்லோடு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் கொடுங்கள்.

இப்போது வெள்ளரிக்காய். அங்கே கதை வேறு. அமெரிக்கா, கனடாவில் நீளமான பச்சை வெள்ளரிக்கு ஆப்பிள் மாதிரியே முறையாக மெழுகு ஏற்றுவார்கள். வெள்ளரி நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர். ஆப்பிள் மாதிரி கெட்டியான தோலும் கிடையாது. 10 டிகிரிக்குக் கீழே குளிரவைத்தாலும் தோல் குழி விழுந்து அழுகும். ஆகவே பூச்சோ, பிளாஸ்டிக் உறையோ ஏதாவது ஒன்று இல்லாமல் தூரம் போகாது. நம் ஊர் சூப்பர் மார்க்கெட்டில் தனித்தனியாகப் பிளாஸ்டிக்கில் இறுக்கிச் சுற்றி வரும் நீள வெள்ளரி இந்த உறை வகை. மெழுகுக்குப் பதிலாகத்தான் அந்த உறை, அதனால் சாப்பிடும் நாள்வரை கழற்ற வேண்டாம்.

தள்ளுவண்டிக்கு வரும் நாட்டு வெள்ளரிக்கு யாரும் கர்னாபா வாங்கிப் பூசிக்கொண்டிருக்க மாட்டார்கள். கட்டுப்படியாகாது. ஈரச் சாக்கைப் போர்த்தித் தண்ணீர் தெளிப்பதுதான் வழக்கம். உண்மையான புதுக் காயில் பளபளப்பே இருக்காது. சின்ன முள்ளும், மேலே திருநீறு பூசின மாதிரி ஒரு வெண்பொடியும் இருக்கும். அந்தப் பொடியும் காயே சுரப்பது, விரல் பட்டால் அழியும். இரண்டு நாள் பழசான காய் வாடி மங்கும்போது, சிலர் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு துடைத்துவிடுவார்கள். உங்கள் கையில் வழுக்குவது அதுவாக இருக்கலாம். சமையல் எண்ணெயாக இருந்தால் ஏமாற்று வேலை, அவ்வளவுதான். வாசனையில்லாத மினரல் ஆயிலாக இருந்தால் விதிக்கும் விரோதம்.

ஒரு டிஷ்யூ பேப்பரை எடுத்துக் காயின் நடுப்பகுதியில் நாலைந்து முறை அழுத்தித் தேயுங்கள். ஈரமாக இருந்தால் பேப்பர் நனையும், மின்விசிறிக்கு அடியில் பத்து நிமிடத்தில் காய்ந்து பழையபடி ஆகிவிடும். எண்ணெயாக இருந்தால் பஜ்ஜி வைத்த பேப்பர் மாதிரி ஊடுருவித் தெரியும் கறை காயாமல் நிற்கும். இன்னொரு பஞ்சைத் தேங்காய் எண்ணெயில் நனைத்துத் தோலைத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு பளிச்சென்று பச்சையானால் சாயம் ஏற்றியிருக்கிறார்கள், அந்தக் காயைக் கழுவிச் சாப்பிடலாமா என்ற யோசனையே வேண்டாம், புகாருக்கு எடுத்து வையுங்கள்.

வெறும் எண்ணெய் என்றால், வெள்ளரிக்குச் சோடா ஊறல் தேவையில்லை, வெந்நீர் கூடவே கூடாது. தோல் துவண்டு, கடித்தால் நறுக்கென்று இருக்காது. உலர்ந்த காயின் மேல் இரண்டு தேக்கரண்டி கடலை மாவைத் தூவி, தண்ணீர் தொடாமல் உள்ளங்கையால் தேயுங்கள். மாவு எண்ணெயை இழுத்துக்கொண்டு திரிதிரியாக உதிரும். எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு நாம் செய்யும் அதே வேலைதான். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரில் கையால் தேய்த்து அலசினால் வழுக்கல் போய்விடும். முதலிலேயே தண்ணீர் விட்டால் மாவு களியாகி முள்ளுக்கு நடுவில் அப்பிக்கொள்ளும், எண்ணெயும் அப்படியே இருக்கும். அமெரிக்காவில் இருக்கும் உறவினர் யாராவது மெழுகு ஏற்றிய வெள்ளரியைப் பற்றிக் கேட்டால், தேய்த்து நேரத்தை வீணாக்காமல் தோலைச் சீவச் சொல்லுங்கள். ஆப்பிள் அளவுக்கு அழுத்தித் தேய்ப்பை அது தாங்காது.

இதையெல்லாம் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் வாரத்துக்கான ஆப்பிள் முழுவதையும் கழுவி அடுக்கிவிடாதீர்கள். பூச்சும் போய், சொந்த மெழுகும் பாதி போன ஆப்பிள் நாலைந்து நாளில் பாட்டி கன்னம் மாதிரி சுருங்கிவிடும், ஈரம் தங்கிய காம்புக் குழியில் பூஞ்சையும் பிடிக்கும். வாங்கியதைக் கழுவாமல் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, அன்றன்று மகளுக்கு வேண்டிய ஒன்றிரண்டை மட்டும் எடுத்து ஊறப் போடுங்கள்.